மஞ்சள் பல்பு மாட்டினால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் இதழில் பல்பு பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். மானிட்டரில் Night light வசதியை இயக்கிவிட்டு, தலைக்கு மேல் இருபது வாட் வெள்ளை ட்யூப்லைட்டின் கீழ் உட்கார்ந்து வேலை பார்க்கும் பலரை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். திரையிலிருந்து வரும் நீல ஒளி தூக்கத்தைக் கெடுக்கும் என்று படித்துவிட்டுத் திரையை மஞ்சளாக்கினேன். அறை முழுவதும் நிறைந்திருந்த நீல ஒளியைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். களமருதூரில் எங்கள் வீட்டில் ஒன்பதரை மணிக்கே எல்லோரும் படுத்துவிடுவோம். அவள் மட்டும் பதினொன்றரை வரை புரண்டுகொண்டிருப்பாள். காலையில் எழுப்பினால் வீட்டில் ஒரு போரே நடக்கும். "செல்லு பாக்கறதுனாலதான்" என்று என் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். செல்லை எட்டு மணிக்கே வாங்கி வைத்தும் பார்த்தோம். கொஞ்சம்கூட மாற்றமில்லை. அதன் பிறகுதான் வீட்டு விளக்குகளை அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

அளந்ததைச் சொல்வதற்கு முன் உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூளையில் உள்ள பீனியல் சுரப்பி இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே இது இரத்தத்தில் ஏற ஆரம்பிக்கும். இது தூக்க மாத்திரை போல் ஆளைச் சாய்ப்பதில்லை. "இரவு வந்துவிட்டது" என்று உடல் முழுவதற்கும் தகவல் சொல்வதுதான் இதன் வேலை. இரவு வந்துவிட்டதா என்பதைச் சுரப்பி தானாக அறியாது. கண்தான் அதற்குச் சொல்ல வேண்டும். நாம் பார்க்கப் பயன்படும் செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் கவனிக்கும் தனிவகை செல்கள் விழித்திரையில் இருப்பது 2002ல் தெரியவந்தது. இவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் அருகே உள்ள நீல ஒளிக்குத்தான் மிக அதிகமாக வேலை செய்கிறது. மாலையிலும் நீலம் கலந்த வெளிச்சம் கண்ணில் விழுந்தால், இன்னும் பகல்தான் என்று தகவல் போகும். மெலடோனின் ஏறுவதும் தள்ளிப்போகும்.

எவ்வளவு தள்ளிப்போகும்? அமெரிக்காவில் 116 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2011ல் வெளியானது. படுப்பதற்கு முன் சாதாரண அறை வெளிச்சத்தில், அதாவது 200 லக்ஸுக்கும் குறைவான வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, 3 லக்ஸ் மங்கலில் இருந்தவர்களைவிட மெலடோனின் இருக்கும் நேரம் சுமார் ஒன்றரை மணி நேரம் குறைந்திருந்தது. சிறுவர்கள் விஷயம் இன்னும் மோசம். அவர்களுடைய கண் லென்ஸ் தெளிவானது, கண்மணியும் பெரிதாக விரியும். ஒரே வெளிச்சத்தில் பெரியவர்களைவிட அவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மெலடோனின் குறைகிறது என்று 2014ல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. எங்கள் வீட்டில் எனக்குத் தூக்கம் வந்து மகளுக்கு வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி அளவுக்கு வருவோம். ஆண்ட்ராய்ட் போனின் முன்பக்கம், காது வைக்கும் இடத்தின் அருகே, வெளிச்சத்தை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. திரையின் வெளிச்சம் தானாகக் கூடிக் குறைவது இதனால்தான். இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் அப்ளிகேஷன் ஒன்றை நிறுவினால் இந்த சென்சார் சொல்லும் எண்ணைப் பார்த்திடலாம். இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். போனை மேசையில் படுக்கவைத்து அளக்கிறார்கள். அது மேசைக்கு வரும் வெளிச்சம், கண்ணுக்கு வருவது அல்ல. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, போனைக் கண் உயரத்தில் செங்குத்தாக, நீங்கள் பார்க்கும் திசையை அதன் முகம் பார்க்கும்படி பிடித்திட வேண்டும். போன் சென்சார் ஆய்வகக் கருவி அல்ல. போனுக்குப் போன் கணிசமான வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒரே போனில் இரண்டு விளக்குகளை ஒப்பிட இது போதும்.

எங்கள் கூடம் பன்னிரண்டுக்குப் பத்து அடி. சுண்ணாம்பு வெள்ளைச் சுவர். சுவரின் மேற்பகுதியில் 20 வாட் எல்.இ.டி. ட்யூப்லைட், சுமார் 2000 லூமன், 6500 கெல்வின். எதிர்ச்சுவர் ஓரம் பாயில் உட்கார்ந்து மகள் படிக்கும் இடத்தில் கண்ணுக்கு 60 லக்ஸ் வந்தது. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. மெலனாப்சினுக்கு எது எவ்வளவு தெரிகிறது என்பது விளக்கின் நிறத்தைப் பொறுத்தது. 6500 கெல்வின் எல்.இ.டி. வெளிச்சத்தைச் சுமார் 0.9ஆல் பெருக்க வேண்டும். 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. என்றால் சுமார் 0.45ஆல் பெருக்கினால் போதும். ஆக எங்கள் கூடத்தில் மெலனாப்சின் கணக்கில் 54 லக்ஸ். படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் இந்தக் கணக்கில் 10 லக்ஸுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது 2022ல் இத்துறை விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை. நாங்கள் அதைப் போல ஐந்து மடங்கில் இருந்தோம்.

இந்த இடத்தில்தான் கட்டுரைத் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது. அதே 20 வாட் ட்யூப்லைட்டை மஞ்சள் நிறத்தில் வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? 60ஐ 0.45ஆல் பெருக்கினால் 27. பாதியாகிவிட்டது, ஆனால் இன்னும் பத்துக்கு மிக மேலே. 9 வாட் மஞ்சள் பல்பு என்றால் கண்ணுக்கு 27 லக்ஸ் அளவில் வரும், கணக்கில் 12. ஏறக்குறைய வந்துவிட்டோம். 5 வாட் மஞ்சள் பல்பில் கண்ணுக்கு 15 லக்ஸ், கணக்கில் 7க்கும் கீழே. இதுதான் தேவையான இடம். நிறத்தை மாற்றியதில் கிடைத்தது இரண்டு மடங்கு. வெளிச்சத்தைக் குறைத்ததில் கிடைத்தது நான்கு மடங்கு. நிறத்தை மட்டும் பேசி வெளிச்ச அளவைப் பேசாத விளம்பரங்கள் நமக்குப் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன என்பது என் கருத்து.

இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு ஒரு வேடிக்கையான விஷயம் தட்டுப்பட்டது. என் சின்ன வயதில் இதே கூடத்தில் தொங்கியது 40 வாட் குண்டு பல்பு. அது தந்த வெளிச்சம் சுமார் 400 லூமன். அதன் நிறத்துக்குப் பெருக்க வேண்டிய எண் 0.5. கணக்குப் போட்டால் அதே இடத்தில் 6 லக்ஸ்தான் வரும். அதாவது யாரும் திட்டமிடாமலேயே நம் வீடுகள் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரைக்குள் அடங்கியிருந்தன! பிறகு ட்யூப்லைட் வந்தது, சி.எப்.எல். வந்தது. 2015 ஜனவரி 5ல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் போய்ச் சேர்ந்தன. மின்சாரச் செலவில் அது பெரிய சாதனை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 40 வாட் எரிந்த இடத்தில் 9 வாட் போதும் என்றார்கள். ஆனால் அந்த 9 வாட், பழைய பல்பைப் போல் இரண்டு மடங்கு வெளிச்சம் தந்தது. அதோடு நிறமும் வெள்ளைக்கு மாறியது. இரண்டும் சேர்ந்து நம் இரவைப் பகலாக்கியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பல்பு வாங்கப் போன கதையையும் சொல்ல வேண்டும். உளுந்தூர்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு கடையில் 2700 கெல்வினில் 5 வாட் பல்பு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மஞ்சளா சார்? ஓட்டலு ஏதாச்சும் ஆரம்பிக்கிறீங்களா?"

"வீட்டுக்குத்தாங்க."

"வீட்டுக்கு யாரு சார் மஞ்ச பல்பு வாங்குறா? வெள்ள போடுங்க, பளிச்சுனு இருக்கும்."

மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. கேட்பவர் இல்லாததால் வைப்பதில்லை என்கிறார்கள். மஞ்சள் என்றால் வசதியில்லாத வீடு, வெள்ளை என்றால் முன்னேறிய வீடு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. குடிசைக்கு ஒரு விளக்கு இருந்த காலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவதில் தவறும் இல்லை. முதல் நாள் அந்தப் பல்பைப் போட்டபோது என் அம்மா சொன்னது: "ஏன்டா, எழவு வூடு மாதிரி இருக்கு?" அவரைச் சமாதானப்படுத்தியது என் விஞ்ஞானம் அல்ல. மழைக்காலத்தில் வெள்ளை விளக்கை மொய்க்கும் பூச்சிகள் மஞ்சளுக்கு அவ்வளவாக வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டில் ஈசல் விழுவது குறைந்ததும் அவர் மனம் மாறிவிட்டது.

வாங்கும்போது பெயரை நம்ப வேண்டாம். "வார்ம் வைட்" என்று ஒரு கம்பெனி 2700க்கும் இன்னொன்று 3000க்கும் போடுகிறது. இரண்டும் பரவாயில்லை. "நேச்சுரல் வைட்" என்பது பெரும்பாலும் 4000 கெல்வின். அதைப் பெருக்க வேண்டிய எண் 0.6க்கு மேல். பெட்டியில் அச்சிட்ட கெல்வின் எண்ணையும் லூமன் எண்ணையும் பார்த்து வாங்கிடுங்கள். ஒரு விஷயத்தில் எச்சரிக்கை: பல்பு வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்று பழைய சுழல் ரெகுலேட்டரில் சாதாரண எல்.இ.டி. பல்பை இணைக்காதீர்கள். துடிக்கும், சீக்கிரம் போய்விடும். குறைத்து எரிக்கலாம் என்று பெட்டியில் குறிப்பிட்ட பல்பும் எல்.இ.டி.க்கு ஏற்ற ரெகுலேட்டரும் சேர்ந்தால்தான் அது நடக்கும். அதைவிடக் குறைந்த வாட் பல்பு ஒன்றைத் தனி சுவிட்சில் போடுவது மலிவு.

ஸ்மார்ட் பல்பு வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், மாலை ஏழு மணிக்கு மஞ்சளுக்கு மாறு, ஒன்பதுக்குப் பத்து சதவீதத்துக்கு இறங்கு என்று நேரம் குறித்து வைக்க முடிகிறது. ஆனால் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போய் வந்தால், பல மாடல்கள் முழு வெளிச்சத்தில், சில வெள்ளையிலேயே எரியத் தொடங்கும். தூங்கும் வீடு முழுவதும் விழித்துக்கொள்ளும். அப்ளிகேஷனில் மின்சாரம் திரும்பியதும் எந்த நிலையில் எரிய வேண்டும் என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, கடைசி நிலைக்கு மாற்றி வைத்திட வேண்டும். அந்த வசதி இல்லாத பல்பு படுக்கையறைக்கு வேண்டாம். சுவிட்சைப் போட்டு அணைத்தால் நிறம் மாறும் "மூன்று நிற" பல்புகள் இதைவிட மலிவு. ஆனால் நான் பார்த்த வீடுகளில் எல்லாம் அவை நிரந்தரமாக வெள்ளையிலேயே நிற்கின்றன. தினமும் இரண்டு முறை சுவிட்சைத் தட்ட யாருக்கும் பொறுமை இல்லை.

நான் செய்தது எளிமையானது. ட்யூப்லைட்டைக் கழற்றவில்லை. விருந்தாளி வந்தால், ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால், அது தேவை. எலக்ட்ரீஷியனை வைத்து இடுப்பு உயரத்தில் ஒரு பாயிண்ட் புதிதாகப் போட்டு, 5 வாட் மஞ்சள் பல்பைச் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். பல்பு நேராகக் கண்ணில் படுவதில்லை. எட்டரை மணிக்கு ட்யூப்லைட் அணையும், இது எரியும். மூன்று மணி நேரம் என்ற பரிந்துரையை வீட்டில் அமல்படுத்த முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமையலும் வீட்டுப்பாடமும் இருக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. சமையலறையில் வெள்ளை விளக்கு அப்படியே இருக்கிறது. கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் உள்ள இடம். கழிவறைக்குப் போகும் வழியில் அம்மா தடுக்கி விழக்கூடாது என்று தரையை ஒட்டி ஒரு சின்ன சிவப்பு விளக்கு. கடைகளில் நீல நிற நைட் லாம்ப்தான் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மெலனாப்சினுக்கு மிகவும் பிடித்த நிறத்தை இரவு முழுவதும் எரியவிடுவது போன்ற அபத்தம் வேறில்லை. சிவப்பு வாங்குங்கள்.

வீட்டுப்பாடத்தில்தான் கணக்கு சற்று உதைத்தது. மேசை விளக்கை வைத்தால் வெளிச்சம் புத்தகத்தில் விழும், கண்ணில் விழாது என்று நினைத்தேன். அளந்தால் அப்படி இல்லை. படிக்க வசதியாகப் புத்தகத்தில் 300 லக்ஸ் விழுந்தால், வெள்ளைத் தாள் திருப்பி அனுப்புவதே கண்ணுக்கு 25, 30 லக்ஸ் வருகிறது. மஞ்சள் விளக்கிலும் கணக்கில் 12, 13. எனவே விளக்கில் தீர்வு இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. எழுத்து வேலை எட்டரைக்குள், பிறகு ஒப்பிப்பதும் கதை கேட்பதும் என்று மாற்றினோம். பரீட்சைக் காலத்தில் இது நிற்கவில்லை. காலையில் எழுந்து படிக்கலாம் என்பது பேச்சில் மட்டும் இருந்தது.

திரைக்கும் இதே கணக்குதான். 22 அங்குல மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்து, இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தால் கண்ணுக்கு 70 லக்ஸுக்கு மேல் வரும். எங்கள் ட்யூப்லைட்டைவிட அதிகம்! விண்டோஸில் Settings > System > Display > Night light சென்று நேரம் குறித்துவிட்டால் நிறம் மாறும், ஆனால் வெளிச்சம் பெரிதாகக் குறையாது. மானிட்டரின் பட்டனிலேயே பிரைட்னஸை மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டு வாருங்கள். போனும் அப்படியே. ஓரடி தள்ளிப் பிடித்த போன் முழு வெளிச்சத்தில் 45 லக்ஸ் வரை தரும்; பத்தில் ஒரு பங்குக்கு இறக்கினால் நான்கைந்துதான். நிறம் மாற்றும் வசதியை மட்டும் போட்டுத் திரையின் வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் மெலடோனினுக்குப் பெரிய பயன் தெரியவில்லை என்று 2019ல் வெளியான ஆய்வும் சொல்கிறது.

இவ்வளவும் செய்து பலன் என்ன என்றால், மகள் இப்போது பத்தரை வாக்கில் தூங்கிவிடுகிறாள். ஒரு மணி நேரம் முன்னேற்றம். ஆனால் அதே வாரங்களில் அரையாண்டுத் தேர்வும் முடிந்தது, வெயிலும் தணிந்தது. எல்லாம் பல்பால் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்கொருவர் வித்தியாசமும் பெரிது. 2019ல் வெளியான இன்னோர் ஆய்வில், மெலடோனினைப் பாதியாக்க ஒருவருக்கு 6 லக்ஸ் போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 350 லக்ஸ் தேவைப்பட்டது. பகலெல்லாம் வயலில் வெயிலில் நிற்பவருக்கு மாலை விளக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. நாள் முழுவதும் அறைக்குள் இருப்பவருக்குத்தான் அதிகம் உறைக்கும். சென்னையில் குறைந்த வருமானம் உள்ளவர்களிடம் கருவி கட்டி நடத்திய ஆய்வு ஒன்று 2021ல் வெளியானது. எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். அவர்களுக்கு வெக்கை, கொசு, தெருச் சத்தம் என்று ஆயிரம் தொல்லைகள். மஞ்சள் பல்பு கொசுவை விரட்டாது.

நீங்கள் முயற்சி செய்வதாக இருந்தால் முதலில் எதையும் வாங்காதீர்கள். இன்றிரவு ஒன்பது மணிக்கு வழக்கமாக உட்காரும் இடத்தில் போனைக் கண் உயரத்தில் பிடித்து லக்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை விளக்கு என்றால் 0.9, மஞ்சள் என்றால் 0.45. பெருக்கி வரும் எண் பத்துக்குள் இருந்தால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது விளக்காக இருக்க வாய்ப்பு குறைவு. வேறு காரணத்தைத் தேடலாம். ஐம்பது, அறுபது என்று வந்தால் நூறு ரூபாய் அளவில் ஒரு 5 வாட் மஞ்சள் பல்பு வாங்கி, கண்ணில் படாத இடத்தில் மாட்டி, மூன்று வாரம் பாருங்கள். கடைக்காரர் ஓட்டல் ஆரம்பிக்கிறீர்களா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். பேச்சு சீக்கிரம் முடியும்.